அசோசியேஷன் மீட்டிங்குல முதல் தடவை மினிட்ஸ் எழுதறீங்களா?

[திரையில்: மொட்டை மாடி, பிளாஸ்டிக் நாற்காலிகள்]

வேளச்சேரியில 24 வீடு இருக்கற ஒரு அபார்ட்மென்ட்னு வச்சுக்குவோம். ஞாயித்துக்கிழமை மீட்டிங். செக்ரட்டரி நோட்டை உங்க கையில கொடுத்துட்டார்.

முந்தின நாளே அஜெண்டாவை வாங்கி, ஒவ்வொரு விஷயத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்கிடுங்க. வந்தவங்க கையெழுத்துக்குத் தனித் தாள் சுத்தட்டும். பாதியில யாராவது எழுந்து போனா மட்டும் நேரத்தோட குறிச்சுக்குங்க. ஓட்டெடுப்பு நேரத்துல கோரம், அதாவது முடிவெடுக்கத் தேவையான குறைஞ்சபட்ச ஆளுங்க, இருந்துச்சான்னு பின்னாடி கேள்வி வரும்.

[திரையில்: தெருவுல தண்ணி லாரி]

இப்ப நாலாவது விஷயம், லாரி தண்ணி. இருபது நிமிஷம் அனல் பறக்குது. "போன வருஷமே சொன்னேன்"ங்கறார் ஒரு மாமா. "ரெண்டு பேர் இருக்கற வீட்டுக்கும் ஆறு பேர் இருக்கற வீட்டுக்கும் ஒரே காசா?"ன்னு ஒரு அக்கா. யார் தினமும் பைப் போட்டு கார் கழுவறாங்கன்னு பேரோட ஒரு குற்றச்சாட்டு. பொருளாளர் சொல்றார்: "12,000 லிட்டர் லோடு ரெண்டு நாள்கூட வரலை."

கடைசியில தலைவர், "சரி, மீட்டர் வச்சிடலாம்"னு அடுத்த விஷயத்துக்குத் தாவுறார். அங்கதான் நீங்க கையைத் தூக்கணும். "சார், தீர்மானத்தை எழுதிக்கறேன். யார் பொறுப்பு, எப்பக்குள்ள? அதுவரைக்கும் காசு எப்படிப் பிரிக்கறது?" கேட்கக் கூச்சமாத்தான் இருக்கும். கேட்டா, மீட்டருக்கு முதல்ல கொட்டேஷன் வாங்கணும்னே அப்பதான் பேச்சு வரும். எழுதினதை அங்கயே வாசிச்சுக் காட்டுங்க. அதுக்கப்புறம் ஓட்டு.

[திரையில்: எழுதி முடித்த பக்கம்]

"4. லாரி தண்ணீர்ச் செலவு. 12,000 லிட்டர் லோடு இரண்டு நாள்கூட வரவில்லை எனப் பொருளாளர் தெரிவித்தார். ஆள் கணக்கில் பிரிப்பது, மீட்டர் வைப்பது இரண்டும் பேசப்பட்டன. தீர்மானம்: வீட்டுக்கு வீடு மீட்டர் வைக்க 3 கொட்டேஷன் வாங்குவது, அதுவரை செலவு எல்லா வீட்டுக்கும் சமம். ஆதரவு 14, எதிர்ப்பு 5. பொறுப்பு: பொருளாளர், ஜூன் 15-க்குள்."

இருபது நிமிஷத்துக்கு இவ்வளவுதான். பொருளாளர் சொன்ன கணக்கு உள்ள வந்துடுச்சு, ஏன்னா தீர்மானத்துக்குக் காரணமே அதுதான். அக்காவோட கேள்வி பேர் இல்லாம, ஒரு யோசனையா வந்துடுச்சு. மாமாவோட "அப்பவே சொன்னேன்" வரலை. கார் விஷயம் வரவே கூடாது: நிரூபிக்காத குற்றச்சாட்டு தலைவர் கையெழுத்தோட வருஷக்கணக்கா நோட்டுல கிடக்கும். "காரசாரமான விவாதம்" மாதிரி வர்ணனையும் வேண்டாம். எதிர்த்து ஓட்டுப் போட்டவர் "என் எதிர்ப்பைப் பதிவு பண்ணுங்க"ன்னு கேட்டா, அப்ப பேரோட ஒரு வரி எழுதுங்க.

[திரையில்: வாட்ஸ்அப் குரூப்]

அன்னிக்கு ராத்திரியே சுத்தமா எழுதிடுங்க. ரெண்டு நாள் போனா உங்க சுருக்கெழுத்து உங்களுக்கே புரியாது. குரூப்புல போடும்போது மேல "வரைவு"ன்னு எழுதுங்க. உடனே யாராவது "நான் அப்படிச் சொல்லலையே"ம்பாங்க. சொன்னது மாறியிருந்தா திருத்துங்க. சொல்ல மறந்ததைச் சேர்க்கச் சொன்னா, அது அடுத்த மீட்டிங் அஜெண்டாவுக்குப் போகட்டும்.