தோற்ற பயிற்சியாளரிடம் கேட்கும் கேள்வி

நேயர்களுக்கு வணக்கம். 2022 நவம்பர் 22. கத்தாரின் லுசைல் அரங்கில் நடந்த உலகக் கோப்பை ஆட்டத்தில், 36 ஆட்டங்களாகத் தோல்வியே காணாத அர்ஜென்டினாவை சவுதி அரேபியா 2-1 என வென்றது. அதுபோன்ற ஓர் ஆட்டம் முடிந்ததும், தோற்ற அணியின் பயிற்சியாளரிடம் என்ன கேட்பது, எப்படிக் கேட்பது? அர்ஜென்டினாவின் ஸ்கலோனி எதிரில் அமர்ந்திருப்பதாக வைத்துக்கொண்டு பார்ப்போம்.

முதலில் பலர் வாயில் வருவது இதுதான்: "சவுதியைச் சாதாரணமாக நினைத்ததால்தானே தோற்றீர்கள்?" தோல்விக்கான காரணத்தைச் செய்தியாளரே முடிவு செய்துவிட்டார். பயிற்சியாளருக்கு மிஞ்சுவது மறுப்பது மட்டுமே. "இல்லை" என்ற ஒற்றைச் சொல்லோடு பதில் முடிந்துவிடும், ஆட்டத்தைப் பற்றி எதுவும் தெரியவராது.

அதனால் காரணத்தை விட்டுவிட்டு, யாரும் மறுக்க முடியாத நிகழ்விலிருந்து தொடங்குங்கள். மெஸ்ஸியின் பெனால்டிக்குப் பிறகு, முதல் பாதியில் அர்ஜென்டினா போட்ட மூன்று கோல்கள் ஆஃப்சைடு என்று செல்லாமல் போயின. சவுதியின் தற்காப்பு வரிசை அவ்வளவு முன்னேறி நின்றது. இதை வைத்து, "அந்த வரிசையைச் சமாளிக்க இடைவேளையில் என்ன மாற்றம் செய்தீர்கள்?" என்று கேட்கலாம். முன்னதைவிட நல்ல கேள்விதான். ஆனால் மாற்றம் ஏதோ செய்தார் என்ற ஊகம் இதிலும் ஒளிந்திருக்கிறது. செய்யவில்லை என்றால், குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோல் ஆகிவிடும். "அந்த வரிசையைப் பற்றி இடைவேளையில் வீரர்களிடம் என்ன சொன்னீர்கள்?" என்றால் அந்த ஊகம் பெரிதும் குறைந்துவிடும்.

கடினமான விஷயத்தைத் தவிர்க்கச் சொல்லவில்லை. சவுதி 48, 53ஆம் நிமிடங்களில் இரண்டு கோல்கள் போட்டது. 59ஆம் நிமிடத்தில் ஸ்கலோனி ஒரே நேரத்தில் மூன்று வீரர்களை மாற்றினார். "ஏன் இவ்வளவு தாமதம்?" என்பதில் தீர்ப்பு ஏறியிருக்கிறது. "59ஆம் நிமிடத்தில் மூவரை மாற்றினீர்கள். ஆட்டத்தில் எதைச் சரிசெய்ய நினைத்தீர்கள்?" என்று கேளுங்கள். நேரம் சரிதானா என்பதை அவர் பதிலை வைத்துக் கேட்பவர்களே எடைபோட்டுக்கொள்வார்கள். வெளியேறிய மூவரில் ஒருவரைப் பெயர் சொல்லி, "இவர் சரியாக ஆடவில்லையா?" என்று மட்டும் கேட்காதீர்கள். அங்கே இல்லாத ஒருவர் மீது பழிபோட அழைப்பதாகிவிடும். தன் வீரரைக் காக்கவே பயிற்சியாளர் முனைவார்.

கேள்வியை எழுதி, வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். இரண்டு வாக்கியம் போதும்: ஒன்று நிகழ்வு, ஒன்று கேள்வி. உலகக் கோப்பையில் உங்கள் கேள்வி மொழிபெயர்ப்பாளர் வழியாகப் போகலாம். "மேலும்" என்று இன்னொரு கேள்வியை ஒட்டினால், இரண்டில் எளிதானதற்கு மட்டும் பதில் வரும். நிமிடங்களையும் எண்ணிக்கையையும் ஆட்டக்குறிப்போடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். ஒன்று தவறினால் பயிற்சியாளர் அதைத் திருத்துவதிலேயே உங்கள் வாய்ப்பு போய்விடும்.

"கால்பந்தில் இது சகஜம்" என்று அவர் நழுவினால், மைக் இன்னும் உங்கள் கையில் இருந்தால், அதே நிகழ்வைச் சுருக்கிக் கேளுங்கள்: "சவுதியின் முதல் கோலுக்கும் இரண்டாவது கோலுக்கும் நடுவில் இருந்த அந்த ஐந்து நிமிடங்களில் என்ன பார்த்தீர்கள்?"