லேசாகத் தீட்டிய வட்டம் விடையா, அழித்த தடமா?

கேள்வி: "சார், பசங்க பென்சிலில் லேசாகத் தீட்டிய ஓஎம்ஆர் தாளை ஓப்பன்சிவியில் படித்தால், தீட்டாத கேள்வி என்று காட்டுகிறது. திரெஷோல்டை ஏற்றினால் ஒரே கேள்விக்கு இரண்டு விடை வருகிறது. என்ன செய்வது?"

நீங்கள் `cv2.THRESH_OTSU` போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அது தாளின் வெள்ளையையும் அச்சின் கறுப்பையும் பார்த்து நடுவில் ஒரு கோடு கிழிக்கும். லேசான பென்சில் வெள்ளையை ஒட்டியே இருப்பதால் காணாமல் போய்விடும். அதனால் கறுப்பு வெள்ளையாக மாற்றவே வேண்டாம். ஸ்கேனரிலும் 'பிளாக் அண்ட் ஒயிட்' வேண்டாம், கிரேஸ்கேலில் எடுங்கள். ஒவ்வொரு வட்டத்தின் உட்பகுதிக்கும் சராசரியை எடுத்தால் போதும்.

```python
mask = np.zeros(gray.shape, np.uint8)
cv2.circle(mask, (x, y), int(r * 0.7), 255, -1)
m = cv2.mean(gray, mask=mask)[0]
```

ஆரத்தை 0.7 ஆகக் குறைத்தது அச்சிட்ட வளையம் கணக்கில் சேராமல் இருக்க. வட்டத்துக்குள் A, B என்று எழுத்து அச்சாகியிருக்குமே, அதுவும் கொஞ்சம் கருமை சேர்க்கும். எழுதாத தாள் ஒன்றை அதே ஸ்கேனரில், ஆட்டோ பிரைட்னஸை அணைத்துவிட்டு ஸ்கேன் செய்து, அதில் அதே வட்டத்துக்கு வரும் மதிப்பிலிருந்து இந்த `m`-ஐக் கழியுங்கள். மிச்சம் வருவது பென்சிலின் கருமை மட்டும்.

இனி உங்கள் சிக்கல். ஒரு தாளில் 17ஆம் கேள்விக்கு B-யில் 32 வருகிறது, மற்றதெல்லாம் மூன்றுக்குள். 23-க்கு B-யில் 30, D-யில் 110. இரண்டு இடத்திலும் B கிட்டத்தட்ட ஒரே கருமைதான். இந்த இரண்டையும் பிரிக்க ஓர் எண்ணில் கோடு போட்டால் அதை நம்ப முடியாது. ஆனால் வரிசைக்குள் ஒப்பிட்டால் 23-இல் D தெளிவாக ஜெயிக்கிறது, B ரப்பர் போட்டு அழித்த தடம். முதலிடத்தில் பாதியைக்கூட இரண்டாமிடம் தொடவில்லை என்றால் முதலிடம்தான் விடை என்று வையுங்கள்.

17-க்கு மட்டும் இது போதாது. விடை எழுதி அழித்துவிட்டு, வேறு எதையும் தீட்டாமல் விட்டிருந்தாலும் இப்படித்தான் தெரியும். இங்கே அந்த மாணவனின் கையைப் பாருங்கள். அவன் தாளில் ஒவ்வொரு கேள்விக்கும் அதிகக் கருமையான வட்டத்தை எடுத்து, அவற்றின் மீடியனைக் கணக்கிடுங்கள். அது 35 என்றால் பையனுக்கு லேசான கை, 32 அவனுக்கு முழு விடைதான். 110 என்றால் 32 பெரும்பாலும் அழித்த மிச்சம்.

மீடியன் 110 இருக்கும் தாளில் 17 போல வந்தாலோ, A-வில் 34, C-யில் 29 என்று இரண்டும் நெருங்கி வந்தாலோ நிரல் முடிவு சொல்லக் கூடாது. அந்த வரிசையை மட்டும் வெட்டி ஒரு ஃபோல்டரில் போடுங்கள், ஆசிரியர் பார்த்துக்கொள்வார்.

அப்புறம், போனில் படம் எடுப்பவர்கள் ஃபிளாஷை அணையுங்கள். பென்சில் கரி பளபளக்கும், நன்றாகத் தீட்டியதே வெளுத்துத் தெரியும்.