நாற்காலியின் உயரமே எடைக்கல்

நேயர்களுக்கு வணக்கம். உடற்பயிற்சிக் கூடங்களில் ‘ஸ்குவாட்’ என்றும் ‘ஹிப் ஹிஞ்ச்’ என்றும் சொல்லப்படும் இரண்டு அசைவுகளை, உடல் எடை கூடியிருக்கும் ஒருவர் காயமின்றிக் கற்றுக்கொள்வது எப்படி என்பதை ஓர் இயன்முறை மருத்துவராக இன்று சொல்ல வந்திருக்கிறேன். முதலாவது, உட்கார்ந்து எழும் அசைவு. இரண்டாவது, முதுகை வளைக்காமல் இடுப்பு மூட்டில் மட்டும் மடிந்து குனியும் அசைவு.

சென்ற ஆண்டு என்னிடம் வந்த ஓர் அம்மையாரை வைத்தே இதைச் சொல்கிறேன். அவருக்கு வயது 47, உயரம் 154 சென்டிமீட்டர், எடை 96 கிலோ. பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலை. எடை குறையும் என்று அக்கம்பக்கத்தில் சொன்னதைக் கேட்டு, ஒரே மூச்சில் நாளொன்றுக்கு 50 தோப்புக்கரணம் போடத் தொடங்கியிருக்கிறார். நான்காம் நாள் வலது முழங்கால் வீங்கிவிட்டது. “என் உடம்புக்கு இதெல்லாம் ஒத்துவராதுங்க டாக்டர்” என்றுதான் பேச்சைத் தொடங்கினார்.

தோப்புக்கரணத்தின் மீது குற்றமில்லை. அவர் தூக்கிய எடையைத்தான் யாரும் கணக்கிடவில்லை. குந்திய நிலையிலிருந்து எழும்போது, பாதங்களும் கெண்டைக்கால்களும் நீங்கலாக உடலின் மற்றப் பகுதி முழுவதையும் மேலே தூக்க வேண்டியிருக்கிறது. 96 கிலோ உள்ளவருக்கு அது ஏறத்தாழ 84 கிலோ. 60 கிலோ எடையுள்ள ஒருவர் அவருக்கு ஈடாகத் தோப்புக்கரணம் போட வேண்டுமானால், ஏறத்தாழ 32 கிலோ மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு போட வேண்டும். முதல் நாளே அப்படி 50 முறை செய்யும்படி அவரிடம் யாரும் சொல்ல மாட்டார்கள். ஆகவே எடை கூடியவர் டம்பெல்லைத் தேட வேண்டியதில்லை. சுமை ஏற்கெனவே அவர் உடலில் இருக்கிறது. அந்தச் சுமையைக் குறைத்துத் தொடங்க நம் கையில் இருக்கும் வழி, இறங்கும் ஆழத்தைக் குறைப்பதுதான். உயரமான இருக்கையிலிருந்து எழுவது எளிது. இருக்கை தாழத் தாழ, முழங்காலும் தொடையும் செய்ய வேண்டிய வேலை கூடிக்கொண்டே போகும்.

அதனால் அந்த அம்மையாருக்கு நான் முதலில் கொடுத்தது ஒரு நாற்காலி. கையில்லாத மர நாற்காலி, உட்காரும் பலகை தரையிலிருந்து 44 சென்டிமீட்டர் உயரம், பின்புறம் சுவரோடு ஒட்டிப் போட்டது. பிளாஸ்டிக் நாற்காலியை இதற்குப் பயன்படுத்த வேண்டாம் என்று அழுத்திச் சொல்கிறேன். டைல்ஸ் தரையில் அதன் கால்கள் வழுக்கி விரிந்துவிடும். அந்த மர நாற்காலியில் அவர் அமர்ந்தபோது கடைசி ஒரு சாண் தூரம் தொப்பென்று விழுந்தார். எழும்போது இரு கைகளையும் தொடைமேல் ஊன்றினார். முழங்கால்கள் இரண்டும் உள்பக்கமாக ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்தன. உடனே மூன்று ஜமுக்காளங்களைக் கெட்டியாக மடித்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பலகையில் வைத்துக் கயிற்றால் கட்டினோம். ஒவ்வொரு மடிப்பும் 4 சென்டிமீட்டர். இருக்கை 56 சென்டிமீட்டராக உயர்ந்தது. அந்த உயரத்தில் அவர் கையூன்றாமல், சத்தமில்லாமல் உட்கார்ந்து எழுந்தார். அவருடைய தொடக்கப் புள்ளி அதுதான். தலையணை வேண்டாம், அது அமுங்கி ஆடும்.

இனி, வயிறு பெருத்தவர்களுக்கென்றே உள்ள ஒரு சிக்கலைச் சொல்ல வேண்டும். மெலிந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையில் இது பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. நாற்காலியிலிருந்து எழ, உடலை முன்னால் சாய்த்துப் பாரத்தைப் பாதங்களுக்கு மேலே கொண்டுவந்தாக வேண்டும். கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு சாய்ந்தால், வயிறு தொடைகளில் முட்டித் தடுத்துவிடும். பாரம் பின்னாலேயே தங்கிவிடுவதால், அவர் கையை ஊன்றியோ உடலை வீசியோதான் எழ முடியும். பலரும் இதைத் தங்கள் கால்களின் பலவீனம் என்று எண்ணி மனம் தளர்கிறார்கள். உண்மையில் அங்கே குறைவது பலம் அன்று, இடம். பாதங்களைத் தோள் அகலத்தைவிடச் சற்று அதிகமாக விரித்து, விரல்களைக் கொஞ்சம் வெளிப்பக்கம் திருப்பி வைத்தால், வயிறு இரு தொடைகளுக்கும் நடுவே இறங்கிக்கொள்ளும். நாற்காலியின் முன்பாதிக்கு நகர்ந்து அமர்ந்து, குதிகால்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னே இழுத்துக்கொண்டு, கைகளை முன்னால் நீட்டி, மூக்கு கால்விரல்களுக்கு நேர் மேலே வரும்வரை சாய வேண்டும். அந்தக் கணத்தில் பின்பக்கம் தானாகவே இருக்கையை விட்டு எழும்பத் தொடங்கும்.

எழும்போது மூச்சை வெளியே விடுங்கள்; அடக்கினால் இரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் எழுந்ததும் சில நொடிகள் அப்படியே நின்று, தலைசுற்றல் இல்லை என்று உறுதிசெய்த பிறகே மீண்டும் அமர வேண்டும்.

இறங்கும்போது முழங்காலை முதலில் மடக்காமல், இடுப்பைப் பின்னால் அனுப்பி, மனத்துக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணியபடி அமருங்கள். முழங்கால் கால்விரலைத் தாண்டவே கூடாது என்று பலர் கண்டிப்பாகச் சொல்கிறார்கள். மாடிப்படி ஏறும்போது அது தாண்டத்தான் செய்கிறது. அதை முற்றிலும் தடுத்தால் உடல் அளவுக்கு மீறி முன்னால் சாய்ந்து, பாரம் இடுப்புக்கும் கீழ்முதுகுக்கும் போய்ச் சேரும். கவனிக்க வேண்டியவை, குதிகால் தரையை விட்டு எழாமல் இருப்பதும், முழங்கால் பாதம் காட்டும் திசையிலேயே போவதும்தான். வயிறு மறைத்தால் கால் தெரியாது. ஆகவே எதிரே கண்ணாடி வையுங்கள், அல்லது வீட்டில் ஒருவரை முன்னால் உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். அவர் கண்ணுக்கு முழங்காலின் உட்புறத்தில் உங்கள் கால் பெருவிரல் தெரிய வேண்டும். பெருவிரலை முழங்கால் மறைத்தால், அது உள்ளே சாய்கிறது என்று பொருள்.

அமரும் ஒலியைக் காதுகொடுத்துக் கேளுங்கள். தொப்பென்ற சத்தம் வந்தால், அந்தக் கடைசித் தூரத்தில் தசை பிடியை விட்டுவிட்டது என்று பொருள். இன்னொரு ஜமுக்காளம் வேண்டும். அந்த அம்மையார் ஒருநாள் விட்டு ஒருநாள், ஐந்து முறை எழுந்து அமர்ந்து, இரண்டு நிமிடம் ஓய்வெடுத்து, மீண்டும் ஐந்து முறை செய்தார். பிறகு எட்டெட்டாக மூன்று சுற்றுகள். அடுத்தடுத்த இரண்டு பயிற்சி நாள்களில் அதைச் சத்தமின்றி முடித்த பின்னரே ஒரு ஜமுக்காளத்தை எடுத்தோம். மூன்றாம் வாரம் 52, ஆறாம் வாரம் 48. எண்ணிக்கையை ஐம்பதுக்கு ஏற்ற வேண்டும் என்று அவருக்கு ஆசை இருந்தது, நான் சம்மதிக்கவில்லை. களைப்பில் செய்யும் முப்பதாவது முறை, சாய்ந்த முழங்காலோடு எழத்தான் அவருக்குப் பழக்கிக் கொடுக்கும்.

48 சென்டிமீட்டருக்கு இறங்கிய இரண்டாம் நாள் அவருக்கு வலி வந்தது. தொடைத் தசையில் ஓரிரு நாள் இருக்கும் வலி புதிதாகப் பயிற்சி செய்யும் எவருக்கும் வருவதுதான். அதற்கு அஞ்ச வேண்டியதில்லை. அவருடையதோ மூட்டுவலி. மறுநாள் காலையில் படியிறங்கக் கைப்பிடி தேவைப்பட்டது. வலியைப் பத்துக்கு மதிப்பிட்டால், பயிற்சியின்போது மூன்றுக்குள் இருந்து, மறுநாளுக்குள் பழைய நிலைக்கு வந்துவிடுமானால் தொடரலாம் என்பது எங்கள் தொழிலில் நாங்கள் பின்பற்றும் அளவுகோல். அவருக்கு அது ஐந்துக்குப் போயிருந்தது. பயிற்சியை நிறுத்தவில்லை, எடுத்த ஜமுக்காளத்தை ஒரு வாரத்துக்குத் திரும்ப வைத்தோம். வீக்கம் இருந்திருந்தால் நிறுத்தியே இருப்பேன்.

குனியும் அசைவை முதல் வாரத்திலிருந்தே இதனுடன் சேர்த்துப் பழக்கினேன். இடுப்பைப் பின்னால் அனுப்பத் தெரியாதவர் நாற்காலியிலும் சரியாக அமர மாட்டார். சுவருக்கு முதுகு காட்டி, குதிகாலுக்கும் சுவருக்கும் இடையே உங்கள் பாதத்தின் நீளத்துக்கு இடைவெளி விட்டு நில்லுங்கள். முழங்காலைச் சிறிது தளர்த்திக்கொள்ளுங்கள். வயிறும் தொடையும் சேரும் மடிப்பில் இரு கைகளின் ஓரத்தையும் வையுங்கள். வயிறு தொங்குவதால் அந்த மடிப்பு எங்கே என்று புரியாவிட்டால், சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைத் தூக்குங்கள். மடிகிற இடம் அதுதான். அந்த இடத்தைக் கையால் பின்னோக்கித் தள்ளி, பின்பக்கத்தால் சுவரைத் தொட்டு, நிமிர வேண்டும். எளிதாகத் தொட முடிந்தால் இரண்டு விரற்கடை முன்னே நகர்ந்து நில்லுங்கள். தொடையின் பின்பக்கம் இழுப்பது தெரிந்தால் அசைவு சரியாக இருக்கிறது. கீழ்முதுகில் பிடிப்பது போலத் தெரிந்தால், முதுகு வளைகிறது, அல்லது நெஞ்சை நிமிர்த்துகிறேன் என்று முதுகை அளவுக்கு மீறிக் குழிக்கிறீர்கள்.

எது என்று கண்டுபிடிக்க ஓர் ஒட்டடைக் கம்பு போதும். அதை முதுகின் நீளத்துக்குப் பிடித்தால், தலையின் பின்புறம், தோள்பட்டைகளுக்கு நடு, பின்பக்கத்தின் மேல்பகுதி ஆகிய மூன்று இடங்களிலும் தொடும். சதைப்பற்று காரணமாக இடைவெளிகள் ஆளுக்கு ஆள் வேறுபடும், அது பொருட்டன்று. நிற்கும்போது இருந்த தொடுகை குனியும்போதும் மாறாமல் இருக்க வேண்டும். அந்த அம்மையாருக்கு உள்ளங்கைகள் முழங்கால் உயரத்துக்கு வந்ததும் கம்பு பின்பக்கத்தை விட்டு விலகியது. அதற்குக் கீழே அவர் முதுகை வளைத்துத்தான் போனார் என்பதால், அவருக்கு எல்லை அதுவே என்று குறித்துக்கொண்டோம். தரையைத் தொடும்படி நான் கேட்கவே இல்லை. 3 கிலோ அரிசியைத் துணிப்பையில் கட்டி, முழங்கால் உயர முக்காலியின் மேல் வைத்து, அங்கிருந்து எடுத்து நிமிரச் சொன்னேன். வயிறு முன்னால் நிற்பதால் சுமை உடலை விட்டுத் தள்ளிப் போகிறது. தள்ளிப் போகப் போக முதுகின் வேலை கூடுகிறது. கால்களை விரித்து, இரு பாதங்களுக்கும் நடுவே முக்காலியை வைத்ததும் பை உடலை ஒட்டி வந்தது.

மார்பு வலி, கட்டுக்குள் வராத இரத்த அழுத்தம், குடலிறக்கம், மூட்டு மாற்று அறுவை ஆகியவை உள்ளவர்கள் மருத்துவரைப் பார்த்த பிறகே தொடங்க வேண்டும். குனியும்போது முழங்காலுக்குக் கீழே மரத்துப்போகிற வலி இறங்கினால் அன்றே நிறுத்துங்கள். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்வு குறைந்தவர்கள் வெறுங்காலோடு செய்யாமல், வழுக்காத செருப்பைக் காலில் இறுகப் பொருந்தும்படி அணிந்து செய்ய வேண்டும்.

அந்த அம்மையார் பத்தாம் வாரத்தில் ஜமுக்காளம் ஏதுமின்றி 44 சென்டிமீட்டரிலிருந்து எழுந்தார். எடை அப்போது 94 கிலோ, பெரிய மாற்றமில்லை. சத்துணவுக் கூடத்தில், தரையில் இருந்த சாதப் பாத்திரத்தை இரண்டு செங்கல் அடுக்குகளின் மேல் ஏற்றி வைத்திருக்கிறார்கள். அதை இப்போது இரண்டு பேராகப் பிடித்து இறக்குகிறார்கள். நாற்காலிக்கும் கீழே இறங்கலாமா என்று சென்ற மாதம் கேட்டார். ஒரு மணையை அளந்து பார்த்து, இன்னும் சில வாரம் போகட்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.