கோரம் இல்லாத கூட்டத்துக்கும் மினிட்ஸ் உண்டா?

"ஐயா, எங்கள் கம்பெனி ஏஜிஎம்முக்கு கோரம் சேரவில்லை, அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைத்துவிட்டோம். ஒன்றுமே நடக்காத அந்த முதல் நாளுக்கும் மினிட்ஸ் எழுத வேண்டுமா? இரண்டாவது வாரமும் ஆள் வராவிட்டால் என்ன செய்வது?"

எழுத வேண்டும். கூட்டம் செல்லத் தேவையான குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கைதான் கோரம், அது சேராவிட்டாலும் இரண்டு நாளுக்கும் தனித்தனியாக எழுத வேண்டும். இந்தக் கேள்வியைப் படித்ததும் எனக்குப் பழைய ஞாபகம் ஒன்று வந்துவிட்டது, அதை வைத்தே சொல்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இல்லை, சமீபத்தில்தான், 2023 செப்டம்பர். ஒரு சிறிய பொது நிறுமம், பங்குதாரர்கள் சுமார் 600 பேர். ஆயிரம் பேர் வரை உள்ள பொது நிறுமத்துக்கு 5 பேர் நேரில் இருந்தால் கோரம், அவர்களுடைய ஆர்ட்டிகிள்ஸ் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. 16ஆம் தேதி சனிக்கிழமை காலை 10.30க்குக் கூட்டம். ஹாலில் 7 பேர் உட்கார்ந்திருந்தார்கள், தலைவருக்கு நிம்மதி. ஆனால் அதில் 4 பேர் ப்ராக்ஸி, அதாவது வராத பங்குதாரர்கள் தங்களுக்குப் பதிலாக அனுப்பிய ஆட்கள். ப்ராக்ஸியைக் கோரத்தில் எண்ணக் கூடாது. ஆக, வந்தது 3 பேர்தான். அரை மணி நேரம் பார்த்தார்கள், 11 மணிக்குக் கூட்டம் தானாகவே அடுத்த வாரம் அதே கிழமை, அதே நேரம், அதே இடத்துக்குத் தள்ளிப்போனது. 2013 கம்பெனிகள் சட்டத்தின் 103ஆம் பிரிவு இப்படித்தான் சொல்கிறது. வேறு நாளை போர்டு முடிவு செய்யலாம். எப்படியானாலும் உறுப்பினர்களுக்கு 3 நாளுக்குக் குறையாமல் நோட்டீஸ் போக வேண்டும், தனித்தனியாகவோ பத்திரிகை விளம்பரமாகவோ. பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

அந்த 16ஆம் தேதிக்கு மினிட்ஸ் நான்கு வரிதான்: "காலை 10.30க்குக் கூட்டப்பட்ட கூட்டத்தில் 11.00 மணி வரை உறுப்பினர்கள் 3 பேர் மட்டுமே நேரில் இருந்தனர். கோரம் இல்லாததால் கூட்டம் 23-9-2023 சனிக்கிழமை காலை 10.30க்கு இதே இடத்தில் நடக்குமாறு ஒத்திவைக்கப்பட்டது." கோரம் இல்லை என்று தலைவரோ வந்திருந்த டைரக்டர் ஒருவரோ சொன்னது பதிவாக வேண்டும். அந்த நாளில் எந்தத் தீர்மானமும் இருக்கக் கூடாது, "கணக்குகள் படிக்கப்பட்டன" என்றுகூட எழுதக் கூடாது. 16ஆம் தேதியிலிருந்து 30 நாளுக்குள் இது மினிட்ஸ் புக்கில் ஏறிவிட வேண்டும், 23ஆம் தேதிக் கூட்டத்துக்கு அதன் தேதியிலிருந்து தனி 30 நாள்.

சரி, 23ஆம் தேதி வந்தது, 4 பேர் வந்தார்கள். "இந்த முறை வந்தவர்களே போதும்" என்று 10.35க்கே ஆரம்பித்துவிட்டார்கள். தப்பு அங்கேதான். வந்தவர்களே கோரம் என்ற சலுகை இரண்டாவது முறையும் அரை மணி நேரம் காத்திருந்த பிறகுதான் பிறக்கிறது. 11 மணி வரை 5 பேர்தான் வேண்டும். 11க்குப் பிறகு இருப்பவர்கள் போதும், அதுவும் செக்ரடேரியல் ஸ்டாண்டர்டுபடி 2 பேருக்குக் குறையாமல். 10.50க்கு வந்த ஒரு பங்குதாரர் டிவிடெண்டும் ஆடிட்டர் நியமனமும் முடிந்துவிட்டதைப் பார்த்து எழுத்தில் ஆட்சேபித்தார். மினிட்ஸிலும் 10.35 என்று நேர்மையாக எழுதியிருந்தார்கள், மறுக்க வழியில்லை. திரும்பவும் 21 நாள் நோட்டீஸ் கொடுத்துக் கூட்ட வேண்டியதாயிற்று.

நேரத்தை எழுதுங்கள், நேரத்தை எழுதுங்கள் என்று நான் ஒவ்வொரு முறையும் சொல்வது இதற்குத்தான். இரண்டாவது மினிட்ஸில் மூன்று நேரம் தெரிய வேண்டும்: குறித்த நேரம், அரை மணி முடிந்த நேரம், நடவடிக்கை ஆரம்பித்த நேரம். "11.00 மணி வரை 5 பேர் சேராததால், 103ஆம் பிரிவின்படி வந்திருந்த 4 உறுப்பினர்களே கோரமாகக் கொள்ளப்பட்டனர்" என்பது போன்ற வரி இல்லாமல் தீர்மானங்களுக்குத் தாவாதீர்கள். உண்மையில் 10.35க்கு ஆரம்பித்துவிட்டு 11.00 என்று எழுதுவது திருத்தம் இல்லை, பொய்ப் பதிவு.

இன்னொன்று, தேதி. 23ஆம் தேதி நிறைவேறிய தீர்மானத்துக்கு 23ஆம் தேதிதான், 16 என்று போடக் கூடாது. 116ஆம் பிரிவு அதைத் தெளிவாகவே சொல்கிறது. டிவிடெண்ட் அறிவித்தால் 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும் இல்லையா, அந்த எண்ணிக்கை 23இலிருந்து.

உங்களிடமிருந்து நான் எதிர்பார்த்த கேள்வி வேறு. இதே சலுகை போர்டு மீட்டிங்குக்கு உண்டா என்று யாரும் கேட்பதில்லை, ஆனால் அங்கேதான் அதிகம் சறுக்குகிறார்கள். கிடையாது. 9 டைரக்டர்கள் இருந்தால் கோரம் 3, ஒத்திவைத்த கூட்டத்திலும் 3தான். அன்றைக்கும் 2 பேர்தான் வந்தார்கள் என்றால் அந்தக் கூட்டம் ரத்து, புதிதாக நோட்டீஸ் போட்டுக் கூட்ட வேண்டும். பங்குதாரர்களே கேட்டு, 100ஆம் பிரிவின் கீழ் அவர்களுடைய கோரிக்கையில் கூட்டிய சிறப்புப் பொதுக்கூட்டமும் அப்படித்தான், அரை மணியில் கோரம் இல்லையென்றால் அதற்கு அடுத்த வாரமே கிடையாது. அந்தக் கூட்டத்தின் மினிட்ஸில் "ஒத்திவைக்கப்பட்டது" என்று எழுதிவிடாதீர்கள், "ரத்தானது" என்று எழுதுங்கள்.