ஃபிரிட்ஜ் மேலிருந்து விழுந்த போன்

நேயர்களுக்கு வணக்கம். உங்கள் போனுக்கு ஒரு பவுச் போட்டிருப்பீர்கள். நான் இருபத்தெட்டு ஆண்டுகள் பிளாஸ்டிக் வார்ப்புப் பட்டறைகளில் வேலை பார்த்தவன். ஆகவே யார் வீட்டுக்குப் போனாலும் காபிக்கு முன்பாக என் கண் அந்த வீட்டுப் போன்களின் உறை மீதுதான் போகும். இன்று அந்த உறைகளைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

முதலில் எனக்கு நெடுநாளாக இருக்கும் ஒரு மனக்குறை. கடையில் போய் "சிலிக்கான் கவர் கொடுங்கள்" என்றால், கண்ணாடிபோல் பளிச்சென்று ஊடுருவித் தெரியும் மெல்லிய உறை ஒன்றை எடுத்துத் தருவார்கள். பெரும்பாலும் அது சிலிக்கோனே இல்லை. அது தெர்மோபிளாஸ்டிக் பாலியூரித்தேன். டிபியு என்று சுருக்கமாகச் சொல்வோம். உண்மையான சிலிக்கோன் ரப்பர் எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமானால், குழந்தையின் பால் புட்டியில் இருக்கும் நிறமில்லாத, வெண்புகை படர்ந்தாற்போன்ற காம்பைத் தொட்டுப் பாருங்கள். பளபளப்பு இருக்காது. விரலை இழுத்தால் வழுக்காமல் பிடித்துக்கொள்ளும். நல்ல சிலிக்கோன் உறைகள் அதனால்தான் பெரும்பாலும் வண்ணம் சேர்த்து, உள்ளே தெரியாதபடி வருகின்றன. கண்ணாடிபோல் தெளிவாகவும் வளையக்கூடியதாகவும் இருந்தால், அது டிபியுதான் என்று எடுத்துக்கொள்ளலாம்.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். இருக்கிறது. மஞ்சளாகப் போவது அந்த டிபியுதான். சிலிக்கோன் அப்படி எளிதில் மஞ்சளாகாது. பழி மட்டும் சிலிக்கோனுக்கு வந்து சேர்கிறது. இதற்குப் பிறகு வருகிறேன்.

இப்போது ஒரு சின்னச் சோதனை. ஒலிவாங்கிக்கு அருகில் இரண்டு உறைகளை வைத்திருக்கிறேன். முதலாவதை நகத்தால் தட்டுகிறேன். "டக், டக்" என்று கேட்கிறதா? அது பாலிகார்பனேட் என்னும் கெட்டியான பிளாஸ்டிக். இரண்டாவதைத் தட்டுகிறேன். கேட்டிருக்காது, "தொப்" என்று அமுங்கிவிட்டது. அது மென்மையான உறை. தட்டை வாங்கிக்கொண்டு அமுங்குவதற்கும், தட்டைத் திருப்பி ஒலிப்பதற்கும் உள்ள இந்த வேறுபாடுதான், போன் விழும்போதும் நடக்கிறது.

என் வீட்டுக் கதையையே சொல்கிறேன். என் மனைவியின் போனுக்கு நானே மெல்லிய பாலிகார்பனேட் உறை வாங்கிக் கொடுத்தேன். கெட்டியானது நல்லது என்ற எண்ணம். பட்டறைக்காரன் எண்ணம்! ஒருநாள் அவர் போனை அதிர்வில் வைத்து, ஃபிரிட்ஜின் மேல் வைத்துவிட்டுப் பால் காய்ச்சிக்கொண்டிருந்தார். அழைப்பு வந்தது. அந்த வழவழப்பான உறை, அதிர்ந்து அதிர்ந்து நகர்ந்து, ஃபிரிட்ஜின் விளிம்புக்கு வந்து, ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து தரையில் விழுந்தது. எடுத்துப் பார்த்தால் உறையில் ஒரு கீறல்கூட இல்லை. திரையோ ஒரு மூலையிலிருந்து சிலந்தி வலைபோல் விரிந்திருந்தது. "உங்கள் உறை பத்திரமாக இருக்கிறது, பாருங்கள்" என்றார் மனைவி. இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அந்த விரிசல் மூலையில் தொடங்கியதைக் கவனியுங்கள். மூலையில் பட்ட அதிர்ச்சி, போனின் சுற்றுச் சட்டம் வழியாகக் கண்ணாடிக்குப் போயிருக்கிறது என்று பொருள். திரையின் நடுவில் ஒரு புள்ளியிலிருந்து விரிசல் கிளம்பியிருந்தால், கல்லோ சாவியோ நேரடியாகக் குத்தியிருக்கிறது.

கணக்கு எளிது. ஒன்றரை மீட்டர் என்பது 1500 மில்லிமீட்டர். கெட்டியான உறையும் தரையும் சேர்ந்து அரை மில்லிமீட்டர்தான் அமுங்கி போனை நிறுத்தின என்று வைத்துக்கொள்வோம். 1500-ஐ அரையால் வகுத்தால் 3000. அதாவது அந்தக் கணத்தில் போன் தன் எடையைப் போல் சராசரியாக மூவாயிரம் மடங்கு அழுத்தத்தைத் தாங்க வேண்டும். 200 கிராம் போனுக்கு 600 கிலோ! அதே மூலையில் மென்மையான டிபியு இரண்டு மில்லிமீட்டர் அமுங்கினால், 750 மடங்கு, 150 கிலோ. ஒன்றரை மில்லிமீட்டர் கூடுதல் அமுங்கலுக்கு இவ்வளவு. மணலில் குதிப்பதும் சிமெண்ட் தரையில் குதிப்பதும் போலத்தான்.

பெட்டிகளில் "ராணுவத் தரச் சோதனை" என்று போட்டிருப்பார்கள். அமெரிக்க ராணுவத்தின் MIL-STD-810G என்ற பழைய விதிமுறைப்படி, பெட்டி வடிவில் இருக்கும் போனை ஆறு முகங்கள், பன்னிரண்டு விளிம்புகள், எட்டு மூலைகள் என 26 முறை, நான்கு அடி உயரத்திலிருந்து போட வேண்டும். ஆனால் போடுவது கான்கிரீட்டின் மேல் வைத்த இரண்டு அங்குல ஒட்டுப்பலகையில். நம் வீட்டு கிரானைட் அப்படி இல்லை. அந்த 26 முறையையும் ஐந்து போன்களுக்குள் பகிர்ந்துகொள்ளவும் அனுமதி உண்டு.

பிடிமானத்துக்கு வருவோம். சிலிக்கோன்தான் முதலிடம்; வியர்த்த கையிலும் நழுவாது. அதற்கொரு குறையும் உண்டு: சட்டைப்பையில் இருந்து எடுக்கும்போது பையின் துணியே கூடவே வெளியே வரும், பஞ்சும் தூசியும் ஒட்டும். டிபியு புதிதில் நன்றாகப் பிடிக்கும், எண்ணெய்க் கை பட்டால் கழுவ வேண்டும். பாலிகார்பனேட்டா? ஃபிரிட்ஜ் கதையை மறந்துவிடாதீர்கள்.

இப்போது மஞ்சள். விலை மலிவான டிபியுவின் மூலக்கூறில் பென்சீன் வளையங்கள் இருக்கின்றன. வெயிலின் புற ஊதாக் கதிரும் வெப்பமும் காற்றும் சேர்ந்து அவற்றை மாற்றுகின்றன. மாறிய பொருள் நீல ஒளியை விழுங்குகிறது, நம் கண்ணுக்கு மஞ்சள் தெரிகிறது. ஆக இது அழுக்கு இல்லை, பொருளே மாறிவிட்டது. சமையல் சோடாவில் ஊறவைத்தால் போகும் என்று ஒரு வைத்தியம் சுற்றுகிறது. எண்ணெய்ப் பிசுக்கு போகும், மஞ்சள் போகாது. சந்தேகமிருந்தால் ஈரப்பஞ்சில் சோப்பு தொட்டு அழுத்தித் துடையுங்கள். பஞ்சு சுத்தமாகவே இருந்து உறை மஞ்சளாகவே இருந்தால், துடைப்பது வீண்.

வெள்ளை வேட்டிக்கு நாம் சொட்டு நீலம் போடுகிறோம் அல்லவா? உறை செய்பவர்களும் அதையே செய்கிறார்கள். சிறிது நீலச் சாயம் கலந்து, தொடக்க மஞ்சளை மறைக்கிறார்கள். புதிய உறையை ஒரு வெள்ளைத்தாளின் மேல் வைத்து விளிம்பைப் பாருங்கள், மெல்லிய நீலம் தெரியும். பாலிகார்பனேட்டும் வெயிலில் மஞ்சளாகும், ஆனால் மெதுவாக. பைக் கைப்பிடியில் போனை மாட்டி வெயிலில் ஓடுபவர்களின் டிபியு உறைதான் சீக்கிரம் நிறம் மாறுவதை நான் பார்த்திருக்கிறேன். நிறம் மாறியதாலேயே பாதுகாப்பு போய்விடாது. விளிம்பு தளர்ந்து விரலால் இழுத்தால் வாயைப் பிளக்கிறதென்றால்தான் மாற்ற வேண்டும்.

நிலைய நண்பர் கண்ணாடிக்கு அப்பாலிருந்து இரண்டு விரல்களைக் காட்டுகிறார். கலப்பு உறைக்கு ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தேன், சுருக்கிவிடுகிறேன். முதுகு பாலிகார்பனேட், சுற்றுவிளிம்பு டிபியு. மூலை அமுங்கும், முதுகு விறைப்பாக இருப்பதால் விழும்போது போன் உறையை விட்டுத் துள்ளி வெளியே வராது. என் மனைவியின் இப்போதைய உறை இதுதான். மஞ்சளாகும்போது மட்டும் முதுகு தெளிவாக இருந்து சுற்றுவிளிம்பு மஞ்சளாகி, புகைப்படத்துக்குச் சட்டம் போட்டதுபோல் தெரியும். வாங்கும்போது இரண்டும் சேரும் இடத்தை நகத்தால் தடவிப் பாருங்கள். இடைவெளி தட்டுப்பட்டால் வேண்டாம், அதில் மணல் புகுந்து போனின் முதுகைத் தேய்க்கும். டெம்பர் கிளாஸ் போட்ட பிறகும் விளிம்பு திரையை விட உயர்ந்து நிற்க வேண்டும், கவிழ்த்து வைத்துப் பார்த்தால்... நேரம் முடிந்துவிட்டது. வணக்கம்.