தலைமாட்டில் படிக்க ஒரு பாட்டு

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

கடைசி மூச்சை எதிர்நோக்கி உறவினர் விழித்திருக்கும் வீட்டில் எதைப் படிப்பது, எப்படி வேண்டுவது என்று பேசும்படி கேட்டுக்கொண்டீர்கள். ஒரே ஒரு பாட்டை எடுத்துக்கொள்கிறேன். நம் திருவையாற்றுக்கு ஞானசம்பந்தர் பாடியது.

“புலனைந்தும் பொறிகலங்கி நெறிமயங்கி அறிவழிந்திட்டு ஐம்மேல் உந்தி
அலமந்த போதாக அஞ்சேல்என்று அருள்செய்வான் அமரும் கோயில்
வலம்வந்த மடவார்கள் நடமாட முழவதிர மழையென்று அஞ்சிச்
சிலமந்தி அலமந்து மரமேறி முகில்பார்க்கும் திருவையாறே.”

‘ஐ’ என்றால் கோழை. ஐம்புலனும் கலங்கி, அறிவு மங்கி, கோழை மேலே தள்ளிக்கொண்டு வரும் நேரத்தைப் பாட்டு மறைக்காமல் சொல்கிறது. அதனால்தான் இதைத் தேர்ந்தெடுத்தேன்.

என் பெரியம்மாவுக்கு 84 வயது. படுத்த இரண்டாம் நாள் இரவு அவர் தொண்டையில் கரகரவென்று சத்தம் எழுந்தது. மூச்சு முட்டுகிறது என்று பயந்த அண்ணன் ஒரு தம்ளர் தண்ணீரோடு ஓடிவந்தார். வந்திருந்த நர்ஸ் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். விழுங்கும் வலுவை இழந்த தொண்டையில் எதை ஊற்றினாலும் அது மூச்சுக்குழலுக்குள் இறங்கிவிடும். எச்சிலையும் சளியையும் விழுங்க முடியாமல் அவை தேங்கி நிற்க, மூச்சு அவற்றின் ஊடே போய்வருவதுதான் அந்தச் சத்தம். பெரியம்மாவை ஒருக்களித்துப் படுக்கவைத்து, முதுகுக்குத் தலையணை அணைத்தோம். சத்தம் பாதியாகத் தணிந்தது. நினைவு மங்கியவரைவிடக் கேட்டுக்கொண்டிருப்பவரையே அது அதிகம் வாட்டும். ஆனால் புருவம் சுருங்கி, கைகால் அலைபாய்ந்தால் அது வேதனையின் அடையாளம். மருத்துவரைக் கேட்டு மருந்து கொடுக்க வேண்டும். பால் ஊற்றும் வழக்கத்தை விட மனம் வராதவர்கள், பாலில் நனைத்துப் பிழிந்த துணியால் உதட்டை ஒற்றினால் போதும்.

அதன் பிறகுதான் படிக்கத் தொடங்கினோம். ஒருவர் மட்டும் படிக்க வேண்டும். காதருகே உட்கார்ந்து, “அம்மா, நான் பெரியவன் வந்திருக்கிறேன், ஒரு பாட்டுப் படிக்கிறேன்” என்று சொல்லிவிட்டு, வழக்கமாகப் பேசும் குரலில் படிக்க வேண்டும். கண் திறக்காதவருக்கும் காது கேட்டுக்கொண்டிருக்கலாம். ஆகையால் நிலத்தகராறும் காரியச் செலவும் திண்ணையோடு நிற்கட்டும். “சிவான்னு சொல்லு, சொல்லு” என்று உலுக்குகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். தளர்ச்சி வந்து நலியும்போது உன்னை நினைக்க என்னால் ஆகாது, அதனால் அப்போதைக்கு இப்போதே சொல்லி வைத்தேன் என்று பெரியாழ்வாரே அரங்கனிடம் முறையிட்டிருக்கிறார். படுத்திருப்பவருக்காக நாம் சொல்வோம்.

இந்தப் பதிகத்தின் பண் மேகராகக்குறிஞ்சி. ஓதுவார்கள் நீலாம்பரியில் பாடுவார்கள். நம் வீடுகளில் தொட்டில் ஆட்டும் அதே ராகம். பாடத் தெரிந்தால் பாடுங்கள், இல்லையேல் ஓர் அடியைப் படித்துச் சற்று நிறுத்தி அடுத்த அடிக்குப் போங்கள். இடையில் மூச்சு பத்து, இருபது விநாடி நின்று மறுபடி வரும். நின்றதும் அலறிவிடாதீர்கள். அவர் கையைப் பிடித்துக்கொண்டு காத்திருங்கள்.

பாட்டுக்குப் பின் அண்ணன் சொல்வதற்காக நான் எழுதிக்கொடுத்த வேண்டுதல் இது:

“ஐயாறப்பா, எங்கள் அம்மா களைத்துவிட்டாள். அவள் அறிவு கலங்கும் நேரத்தில் நீ பக்கத்தில் இரு. அஞ்சேல் என்ற உன் சொல் அவள் காதில் விழட்டும். எங்களைப் பற்றி அவளுக்கு இருக்கும் கவலையை நீ வாங்கிக்கொள். அழுது அவளைப் பிடித்து வைக்காதிருக்க எங்களுக்குத் தைரியம் கொடு.”

நாளையே போக வேண்டும் என்றோ, பிழைக்க வேண்டும் என்றோ அதில் இல்லை. வீட்டில் ஆளுக்கு ஓர் எண்ணம் இருக்கும். எல்லோரும் சேர்ந்து சொல்லக்கூடியதை மட்டும் வைத்தேன்.

மூன்றாம் முறை படித்தபோது பேத்தி கேட்டாள்: “சாவு நேரத்துப் பாட்டில் குரங்கு எதற்கு?” நல்ல கேள்வி. சாகிறவரும் ‘அலமந்து’ கிடக்கிறார், மந்தியும் ‘அலமந்து’ மரமேறுகிறது. ஒரே சொல். மந்தி இடி என்று நினைத்துப் பயந்த ஓசை, உண்மையில் கோயிலில் பெண்கள் ஆட அதிர்ந்த முழவு. பயந்தது ஒன்று, அங்கே நடந்தது வேறொன்று. சம்பந்தர் இதை விளக்கவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டார், நான் அப்படித்தான் படிக்கிறேன். அவளிடம் இதைச் சொன்னபோது அண்ணனும் கேட்டுக்கொண்டிருந்தார்.

விடிவதற்குச் சற்று முன் மூச்சின் இடைவெளி நீண்டது. அண்ணன் ‘முழவதிர’ வரை படித்திருந்தார். அடுத்த மூச்சு வரவில்லை. யாரும் எழுந்திருக்கவில்லை. அவர் குரலைத் தாழ்த்தி, மந்தி முகில் பார்க்கும் அடியையும் படித்து முடித்த பிறகே பெரியம்மாவின் கண்களை மூடிவிட்டோம்.