28 பக்க தாவரவியல் நோட்ஸ், 40 ரூபாய்: நான் விற்கும் விதம்

வணக்கம் மக்களே. இன்றைக்கு கேமராவை மேசைக்கு மேலே மாட்டியிருக்கிறேன், என் முகம் தெரியாது. இந்தத் தாள்தான் தெரிய வேண்டும். கொஞ்சம் கிட்டே கொண்டுவருகிறேன், இருங்கள்.

ப்ளஸ் டூ உயிரி-தாவரவியல், தமிழ் மீடியம், முதல் பாடம். தாவரங்களின் இனப்பெருக்கம். என் கையெழுத்தில் 28 பக்கம். ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக விற்கிறேன். இந்த ஒரு பாடத்தை விற்று நான் பட்ட பாட்டைத்தான் இன்றைக்குச் சொல்லப்போகிறேன்.

முதலில் ஒரு தப்பான எண்ணத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கே அது இருந்தது. கையால் எழுதிவிட்டால் அது என்னுடையது என்று நினைத்திருந்தேன். நான் பள்ளியில் எழுதிய பழைய நோட்டு இதோ. புரட்டிப் பார்த்தால் பாதிக்கு மேல் பாடப்புத்தகத்து வரிகள் அப்படியே இருக்கின்றன. வார்த்தைக்கு வார்த்தை. என் பேனா, என் மை, ஆனால் வாக்கியம் என்னுடையது இல்லை. நானே படிக்க எழுதிக்கொண்டவரை அதில் ஒரு சிக்கலும் இல்லை. சொந்த உபயோகத்துக்கு, படிப்புக்கு எடுத்து எழுதலாம் என்று 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவே இடம் கொடுக்கிறது. அதையே ஸ்கேன் செய்து காசுக்குக் கொடுக்கும்போது கதை வேறு. அது சொந்த உபயோகம் இல்லை.

"பாடப்புத்தகம் அரசாங்கத்துடையதுதானே, இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறதே" என்று என் தம்பி கேட்டான். இலவசமாக இறக்கிப் படிக்கலாம், சரி. விற்கலாம் என்று யாரும் சொல்லவில்லையே. அரசு வெளியிடும் நூலுக்கும் 60 ஆண்டு பதிப்புரிமை உண்டு. 2019இல் வந்த புத்தகம் என்றால் 2079 முடியும்வரை.

ஆனால் பாடத்தில் இருக்கும் உண்மை யாருக்கும் சொந்தமில்லை. கருப்பையில் ஏழு செல், எட்டு உட்கரு என்பது செடியின் சமாச்சாரம். அதற்கு யார் உரிமை கொண்டாடுவது? அந்த உண்மையைச் சொல்லும் வாக்கியமும், வரைந்து காட்டும் அந்தக் குறிப்பிட்ட படமும்தான் எழுதியவருக்குச் சொந்தம். அதனால் விற்பதற்கான நோட்ஸைப் பழைய நோட்டிலிருந்து எடுக்கவே இல்லை. புதிதாக எழுதினேன். ஒரு தலைப்பை இரண்டு தடவை படிப்பேன், புத்தகத்தை மூடுவேன், தங்கச்சிக்குச் சொல்வதுபோல் எழுதுவேன். இந்தப் பத்தியைப் பாருங்கள், வாசிக்கிறேன்.

"மகரந்தக் குழாய் இரண்டு ஆண் கேமீட்டுகளைக் கொண்டுவந்து விடுகிறது. ஒன்று முட்டையோடு சேரும், 2n, அது கருவாகும். இன்னொன்று நடுவில் காத்திருக்கும் இரண்டு துருவ உட்கருக்களோடு சேரும். ஒன்றும் இரண்டும் மூன்று, அதனால் 3n, அது கருவூண்."

"ஒன்றும் இரண்டும் மூன்று" என்று எந்தப் புத்தகமும் எழுதாது. எனக்கு மனதில் நின்றது அப்படித்தான், அதனால் அப்படியே எழுதினேன்.

படத்துக்கும் இதே கதை. புத்தகத்துப் படத்தின்மேல் மெல்லிய தாளை வைத்து வரைவது சுலபம், அழகாகவும் வரும். ஆனால் அது அந்த ஓவியருடைய படம். நான் கல்லூரி லேபில் சூலகத்தின் ஸ்லைடை மைக்ராஸ்கோப்பில் பார்த்து பென்சிலில் வரைந்த படத்தை வைத்துத்தான் இந்தப் படத்தைப் போட்டேன். கொஞ்சம் கோணலாகத்தான் இருக்கிறது. இருக்கட்டும்.

அப்புறம், டியூஷன் சார் சொல்லிக்கொடுத்த விஷயங்கள். அவர் ஒரு பாட்டு மாதிரி வைத்திருப்பார், செல்களின் பெயர் வரிசைக்கு. எனக்கு மிகவும் பிடித்தது. அதையும் இன்னும் சில அட்டவணைகளையும் சேர்த்திருந்தேன், நான்கு பக்கம். விற்கும் முன்னால் போன் செய்து கேட்டேன். "வேண்டாம்மா, அதை நான் என் பசங்களுக்குன்னு வெச்சிருக்கேன்" என்றார். எடுத்துவிட்டேன். 32 பக்கம் 28 ஆனது அப்படித்தான். கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் அதை உருவாக்கியவர் அவர், வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

இனிதான் விஷயமே இருக்கிறது. புத்தகத்தை மூடிவிட்டு எழுதுவதில் ஒரு ஆபத்து உண்டு. பார்த்து எழுதினால் வாக்கியம் திருட்டு, ஆனால் தகவல் தப்பாது. பார்க்காமல் எழுதினால் வாக்கியம் சொந்தம், தகவல் தப்பிப்போகலாம். எனக்குத் தப்பியது.

இதோ, முதல் பதிப்பின் ஏழாம் பக்கம். தலைகீழ்ச் சூல். பெயரிலேயே இருக்கிறது, சூல் தலைகீழாகத் திரும்பி, சூல்துளை காம்புக்குப் பக்கத்தில், கீழே இருக்கும். முட்டையும் அதற்கு இருபக்கம் இருக்கும் சினர்ஜிட்களும் எப்போதும் சூல்துளைப் பக்கம். எதிரடிச் செல்கள் மூன்றும் அதற்கு எதிரே, சலாசா பக்கம். நான் சூலைச் சரியாகத் தலைகீழாகவே வரைந்துவிட்டேன். ஆனால் உள்ளே இருக்கும் கருப்பைக்குப் பெயர் குறிக்கும்போது, சூல்துளை மேலே இருக்கும்படி வரைந்து பழகிய வேறொரு படம் மனதில் இருந்திருக்கிறது. மேலே முட்டை, கீழே எதிரடி என்று போட்டுவிட்டேன். அடுத்த பக்கத்தில் எழுத்தில் சரியாகத்தான் சொல்லியிருக்கிறேன்! படம் ஒன்று சொல்கிறது, எழுத்து ஒன்று சொல்கிறது. மூன்று தடவை படித்தும் என் கண்ணில் படவில்லை. நாம் எழுதியதை நாம் படிக்கும்போது தாளில் இருப்பதைப் படிப்பதில்லை, நினைவில் இருப்பதைத்தான் படிக்கிறோம் போல.

ஒன்பது பேர் வாங்கிய பிறகு, ஒரு பையன் மெசேஜ் போட்டான். "அக்கா, ஏழாம் பக்கம் தலைகீழா இருக்கே?" சூல் அப்படித்தான்பா இருக்கும் என்று பதில் போடப்போனவள், பக்கத்தைத் திறந்து பார்த்தேன். கை நடுங்கிவிட்டது. பரிட்சையில் ஒரு பிள்ளை இதைப் பார்த்து எழுதியிருந்தால்?

ஒன்பது பேருக்கும் அன்றைக்கே திருத்திய கோப்பை அனுப்பினேன், எந்தப் பக்கத்தில் என்ன தப்பு என்று ஒரு வரியும் எழுதினேன். அன்றிலிருந்து கோப்பின் பெயரிலேயே பதிப்பு எண் இருக்கும், `bot12_ch1_v3.pdf` என்பது போல. ஒருமுறை வாங்கியவருக்கு அடுத்த பதிப்பு சும்மா வரும். காசு திருப்பிக் கேட்டவருக்குத் திருப்பியும் கொடுத்தேன், ஒருவர்தான் கேட்டார்.

இப்போது வழி என்னவென்றால், மூடிவைத்து எழுதி முடித்த பிறகு புத்தகத்தை மறுபடி திறப்பேன். இந்த முறை வாக்கியத்தைப் பார்க்க மாட்டேன். எண், பெயர், திசை, வரிசை இந்த நான்கை மட்டும் பென்சிலால் டிக் செய்துகொண்டே போவேன். அப்புறம் மேல்வீட்டு அக்காவிடம் கொடுப்பேன். எம்எஸ்சி படிக்கிறார். அவருக்கு 500 ரூபாய் கொடுக்கிறேன். முதலில் வேண்டாம் என்றார். சும்மா பார்த்துக் கொடுப்பதற்கும் காசு வாங்கிப் பார்ப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது என்று நான்தான் பிடிவாதமாகக் கொடுத்தேன். படத்தை முதலிலும் எழுத்தை அப்புறமும் பார்க்கச் சொல்லியிருக்கிறேன், இரண்டும் ஒத்துப்போகிறதா என்று.

ஸ்கேன் பற்றி நிறைய சொல்ல மாட்டேன், இரண்டு விஷயம் போதும். தாளின் பின்பக்கத்து எழுத்து நிழல்போல் முன்னால் தெரிந்தால், பின்னால் ஒரு கறுப்புச் சார்ட் தாளை வைத்து ஸ்கேன் செய்யுங்கள். வெள்ளை மூடி திருப்பி அனுப்பும் வெளிச்சம்தான் பின்பக்க எழுத்தைக் காட்டிக்கொடுக்கிறது. கறுப்பு அந்த வெளிச்சத்தை விழுங்கிவிடும். போன் செயலியில் எடுப்பதாக இருந்தால் அந்த "பளிச்" ஃபில்டரைப் போடாதீர்கள். எழுத்து பளிச்சென்றுதான் வரும், பென்சில் நிழலெல்லாம் காணாமல் போய்விடும்.

இரண்டாவது, ஜெராக்ஸ் சோதனை. வாங்குகிறவர்கள் போனில் படிப்பார்கள் என்று நினைத்திருந்தேன். இல்லை, கடைக்குப் போய்க் கறுப்பு வெள்ளையில் பிரின்ட் எடுக்கிறார்கள். நான் ஆண் செல்லுக்கு நீலம், பெண் செல்லுக்குச் சிவப்பு என்று கலர் கலராகப் போட்டிருந்தேன். எங்கள் தெருக் கடையில் ஒரு பக்கம் எடுத்துப் பார்த்தால், இதோ பாருங்கள், இரண்டும் ஒரே சாம்பல். மஞ்சள் ஹைலைட்டர் போட்ட இடத்தில் ஒன்றுமே இல்லை. இப்போது 300 டிபிஐ, கிரேஸ்கேல், அவ்வளவுதான். கலரில் 70 எம்பி இருந்த கோப்பு 14 எம்பி ஆனது இன்னொரு லாபம்.

சரி, விலை. முதலில் 99 வைத்திருந்தேன். எப்படி என்று கேட்காதீர்கள், மற்றவர்கள் வைத்திருந்தார்கள், நானும் வைத்தேன். அப்புறம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அக்காவுக்கு 500, தாள் பேனாவுக்கு 150, ஆக 650. நான் விற்கும் தளம் பத்து சதவீதம் எடுக்கும். 40 ரூபாய் வைத்தால் எனக்கு 36. 19 பேர் வாங்கினால் போட்ட காசு வந்துவிடும், அதற்கு மேல் வருவது என் உழைப்புக்கு. வாங்குகிறவர் பக்கமும் ஒரு கணக்கு இருக்கிறதே, அதைத்தான் நான் மறந்திருந்தேன். எங்கள் கடையில் பக்கத்துக்கு ஒன்றரை ரூபாய். 28 பக்கத்துக்கு 42. 99 வைத்தால் அந்தப் பிள்ளைக்கு ஒரு பாடம் 141 ரூபாய். 40 என்றால் 82. பத்து ரூபாய்க்கும் கொடுக்கலாம்தான், ஆனால் அப்போது போட்ட காசு வர 73 பேர் வாங்க வேண்டும், நான் முதலில் வெட்டுவது அக்காவின் 500 ஆகத்தான் இருக்கும். ஏழாம் பக்கம் மறுபடி வரும்.

மாதிரிக்கு இரண்டு பக்கம் இலவசமாக வைத்திருக்கிறேன். அழகான பக்கத்தை வைக்கவில்லை. பதினெட்டாம் பக்கம், அடித்தல் திருத்தலோடு, எழுத்து நெருக்கமாக, இருப்பதிலேயே மோசமானது. இதைப் பார்த்து வாங்குகிறவர் அப்புறம் ஏமாந்தேன் என்று சொல்ல மாட்டார்.

என் கோப்பையும் ஒரு குரூப்பில் யாரோ சும்மா போட்டிருந்தார்கள். கோபம் வந்தது. பதிவு செய்யாவிட்டாலும், எழுதிய நொடியிலேயே அதன் உரிமை எனக்குத்தான். அதை நீக்கச் சொல்லி எழுதினேன், நீக்கிவிட்டார்கள். இப்போது ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் வாங்கியவர் பெயரைச் சின்னதாகப் போட்டு அனுப்புகிறேன். நடுவில் குறுக்கே பெரிதாகப் போடுவதில்லை, படிக்கிற பிள்ளைக்குத் தொந்தரவு.

இரண்டாம் பாடம் பாதியில் நிற்கிறது. மரபியல், மெண்டலின் பட்டாணி, பதினாறு கட்டம். மஞ்சள் விதை, பச்சை விதை. ஜெராக்ஸில் இரண்டும் சாம்பல்தானே, நேற்று முழுக்க யோசித்தேன். கடைசியில் மஞ்சளை வெறுமையாக விட்டு, பச்சைக்கு மட்டும் சாய்வாகக் கோடு இழுத்தேன். இதோ, ஒன்பதாவது கட்டம் வரை வந்திருக்கிறேன். மீதி ஏழையும் போட்டுவிட்டுக் கடைக்குப் போய் ஒரு பிரின்ட் எடுத்துப் பார்க்க வேண்டும்.